C–H பிணைப்பு மெதுவான படியில்தான் உடைகிறதா? சமதானி விளைவைப் பொறிமுறைக் கட்டுரையில் சான்றாக வைப்பது எப்படி

பட்டமேற்படிப்பு மாணவர்கள் எழுதும் தாக்கப் பொறிமுறைக் கட்டுரைகளில் ஒரு வசனம் திரும்பத் திரும்ப வரும்: "k_H/k_D இன் பெறுமானம் 6, ஆகவே C–H பிணைப்பு வீதத்தை நிர்ணயிக்கும் படியில் உடைகிறது." யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் திருநெல்வேலி வளாகத்து மாணவர்கள் கொண்டுவரும் வரைவுகளிலும் இதே வசனத்தைப் பார்க்கிறேன். வசனம் பெரும்பாலும் பிழையில்லை. ஆனால் அந்த "ஆகவே" என்ற சொல்லுக்குள் நாலைந்து படிகள் ஒளிந்திருக்கின்றன. பரிசோதகர் கேட்பது அந்தப் படிகளைத்தான். அந்த 6 எப்படி அளக்கப்பட்டது, வேறு எதனாலும் வந்திருக்க முடியாதா, அது எதைச் சொல்லவில்லை என்பவற்றுக்கு விடை இருந்தால்தான் கட்டுரை நிற்கும்.

இதை ஒரேயொரு தாக்கத்தை வைத்துப் பார்ப்போம். குரோமிக் அமிலம் புரொப்பன்-2-ஓலை, அதாவது ஐசோபுரொப்பைல் அற்ககோலை, அசற்றோனாக ஒட்சியேற்றும் தாக்கம் அது. உயர்தரத்தில் செம்மஞ்சள் நிறம் பச்சையாக மாறுவதைப் பார்த்த எல்லோருக்கும் இது பழக்கம். 1949 இல் வெஸ்ற்ஹைமரும் நிக்கோலைடெஸும் இதே அற்ககோலின் இரண்டாம் காபனில் இருந்த ஐதரசனுக்குப் பதிலாகத் தியூற்றேரியத்தை வைத்து வேகத்தை அளந்தார்கள். தியூற்றேரியம் உள்ள அற்ககோல் சாதாரண அற்ககோலின் ஆறில் ஒரு பங்கு வேகத்திலேயே ஒட்சியேறியது, அதாவது இரண்டு வேகங்களின் விகிதமான k_H/k_D ஏறத்தாழ 6. சமதானி விளைவைப் பொறிமுறைச் சான்றாகக் கையாள்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அதே தாக்கத்தில் விளைவு மறைந்துபோகும் ஒரு அற்ககோலும் பின்னாளில் கிடைத்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கேள்வியைச் சரியாக எழுதுங்கள்

சமதானி விளைவு தானாக ஒரு பொறிமுறையைச் சொல்லாது. இரண்டு பொறிமுறைகளை முன்னால் வைத்து, இவற்றில் எது என்று கேட்டால் விடை சொல்லும். ஆகவே கட்டுரையில் எண்ணுக்கு முன்னால் பொறிமுறை வர வேண்டும்.

இங்கே தாக்கம் இரண்டு படிகளில் நடக்கிறது என்று வைத்துக்கொள்கிறோம். முதற் படியில் அற்ககோலின் ஒட்சிசன் குரோமியத்தோடு சேர்ந்து குரோமேற்று எசுத்தர் உண்டாகிறது. இந்தப் படியில் C–H பிணைப்பு தொடப்படுவதில்லை. இரண்டாம் படியில் அந்த எசுத்தர் உடைகிறது. காபனிலிருந்து ஐதரசன் போகிறது, C=O உருவாகிறது, குரோமியம்(VI) குரோமியம்(IV) ஆகிறது.

```
(CH3)2CHOH + HCrO4- + H+  ⇌  (CH3)2CH-O-CrO3H + H2O    (k1, k-1)
(CH3)2CH-O-CrO3H  →  (CH3)2C=O + Cr(IV)                 (k2)
```

எது மெதுவான படி? எசுத்தர் உருவாவது மெதுவாக இருந்தால், C–H உடைவது அதற்குப் பிறகு விறுவிறுவென்று நடந்து முடிந்துவிடும். ஐதரசனைத் தியூற்றேரியமாக மாற்றினாலும் மொத்த வேகம் அசையாது. எசுத்தர் வேகமாக உருவாகித் திரும்பவும் உடைந்துகொண்டிருக்க, C–H உடைவது மெதுவாக இருந்தால், தியூற்றேரியம் தாக்கத்தை நன்றாகப் பின்னிழுக்கும். ஆக, இரண்டு சாத்தியங்களும் இரண்டு வேறுபட்ட எண்களை எதிர்பார்க்கின்றன. முன்கூட்டியே எழுதப்பட்ட இந்த எதிர்பார்ப்பு இருந்தால்தான் அளவீடு சான்றாகிறது.

வீதச் சமன்பாடு மட்டும் இதைத் தீர்த்துவைக்காது. அமிலச் செறிவை மாறாமல் வைத்தால், இரண்டு நிலைமைகளிலும் வீதம் அற்ககோலுக்கு முதலாம் வரிசை, குரோமிக் அமிலத்துக்கும் முதலாம் வரிசை. இந்த வரியைக் கட்டுரையில் எழுதிவிட்டு அப்புறம் சமதானிக்குப் போனால், அந்தச் சோதனை ஏன் தேவைப்பட்டது என்பது வாசிப்பவருக்குத் தானாகவே விளங்கும்.

ஏன் தியூற்றேரியம் மெதுவாகிறது

சமதானியை (ஐசோடோப்பு) மாற்றினால் இலத்திரன்களின் நிலை மாறுவதில்லை. C–H, C–D இரண்டுக்கும் பிணைப்பின் விறைப்பு ஒன்றுதான், அழுத்தச் சக்திக் கிணற்றின் ஆழமும் ஒன்றுதான். மாறுவது திணிவு. அதிர்வு அலையெண் திணிவைப் பொறுத்தது. C–H இன் நீட்சி அதிர்வு ஏறத்தாழ 2900 செ.மீ⁻¹ இல் வரும். ஒடுங்கிய திணிவைக் கணக்கிட்டுப் பார்த்தால் C–D க்கு அது ஏறத்தாழ 2130 செ.மீ⁻¹.

எந்த அதிர்வும் முற்றாக ஓய்வதில்லை. மிகத் தாழ்ந்த நிலையிலும் அதன் அலையெண்ணின் பாதிக்குச் சமமான சக்தி மீதமிருக்கும். இதுதான் பூச்சியப் புள்ளிச் சக்தி. C–H க்கும் C–D க்கும் இடையில் இந்தச் சக்தி வேறுபாடு 770 இன் பாதி, 385 செ.மீ⁻¹, அதாவது மூலுக்கு 4.6 கிலோயூல். C–D அவ்வளவு தாழ்வான இடத்திலிருந்து மலையேறத் தொடங்குகிறது.

மலையின் உச்சியில், அதாவது தாண்டல் நிலையில், இந்த நீட்சி அதிர்வு அதிர்வாகவே இருப்பதில்லை. அது பிணைப்பு உடையும் அசைவாகவே மாறிவிடுகிறது. ஆகவே அங்கே அந்த அதிர்வுக்கான பூச்சியப் புள்ளிச் சக்தி இல்லை, H க்கும் D க்கும் உச்சி ஏறத்தாழ ஒரே உயரம். தொடக்கத்தில் இருந்த வேறுபாடு முழுவதும் ஏவற் சக்தியின் வேறுபாடாக வெளிப்படுகிறது.

```
k_H/k_D ≈ exp(4.6 / RT)
25 °C :  exp(4.6 / 2.48) ≈ 6.4
30 °C :  exp(4.6 / 2.52) ≈ 6.2
```

சேர், அப்படியென்றால் 6.4 தான் உச்சமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இல்லை. இது நீட்சி அதிர்வொன்றை மட்டும் எடுத்த கணக்கு. வளைவு அதிர்வுகளும் இழக்கப்பட்டால் எண் ஏறும். ஐதரசன் மலையின் உச்சியைத் தொடாமல் ஊடுருவிச் சென்றால் இன்னும் ஏறும். 2-நைத்திரோபுரொப்பேனிலிருந்து மிகவும் நெருக்கடியான பிரிடீன் மூலமொன்று புரோத்தனை எடுக்கும்போது 24 அளவு பெரிய விகிதம் அளக்கப்பட்டிருக்கிறது. மறுபக்கம், தாண்டல் நிலையில் ஐதரசன் இரண்டு அணுக்களுக்கும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, மூன்று அணுக்களும் நேர்கோட்டில் இல்லாமல் வளைந்திருந்தாலோ எண் 2, 3 வரை இறங்கும். கட்டுரையில் 6.4 ஐ ஒரு சட்டமாக எழுதாதீர்கள். அளந்த எண் எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்று ஒப்பிடுவதற்கான அளவுகோலாக மட்டும் வையுங்கள்.

குறியை எங்கே வைக்கிறோம், அது அங்கேதான் இருக்கிறதா

நமக்கு வேண்டியது (CH3)2CDOH. அசற்றோனை NaBD4 அல்லது LiAlD4 கொண்டு தாழ்த்தினால் தியூற்றேரியம் நேராகக் காபனுக்குப் போகும். ஒட்சிசனில் இருக்கும் ஐதரசனைப் பற்றிக் கவலை வேண்டாம். அது நீர்க்கரைசலில் கண்ணிமைக்கும் நேரத்தில் நீரோடு பரிமாறிக்கொள்ளும். அதனால்தான் O–D உள்ள அற்ககோலை வாங்கி அதைச் சாதாரண நீரில் போட்டு "சமதானி விளைவு இல்லை" என்று முடிவு எழுதுவது அர்த்தமற்றது. குறி ஏற்கெனவே போய்விட்டது.

காபனிலுள்ள குறி போய்விடாது என்பதையும் காட்ட வேண்டும். தாக்கத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியான அற்ககோலை எடுத்து, அதில் தியூற்றேரியத்தின் அளவு மாறவில்லை என்று பார்ப்பதுதான் வழி. அது குறைந்திருந்தால் C–H பிணைப்பு மீள்தன்மையோடு உடைந்து சேர்கிறது என்று பொருள். அப்போது முழு விளக்கமும் வேறு திசைக்குப் போய்விடும்.

எவ்வளவு தியூற்றேரியம் இருக்கிறது என்பதை ஐதரசன் என்.எம்.ஆர். நிறமாலை சொல்லும். சாதாரண அற்ககோலில் CH சமிக்ஞை 4.0 ppm அருகில் ஏழு கோடுகளாகவும், மெதைல் சமிக்ஞை 1.2 ppm அருகில் இரட்டைக் கோடாகவும் வரும். குறியிட்ட சேர்வையில் 4.0 அருகிலுள்ளது ஏறத்தாழ மறைந்து, மெதைல் ஒற்றைக் கோடுபோல ஒடுங்கிவிடும். மறையாமல் நிற்கும் சிறு சமிக்ஞையை மெதைலோடு ஒப்பிட்டுத் தொகையிட்டால் எஞ்சிய H இன் சதவீதம் கிடைக்கும். இந்தச் சின்ன எண்ணை அலட்சியப்படுத்தக் கூடாது. ஏன் என்று கணக்கில் பார்ப்போம்.

இரண்டு தனிக் குடுவைகளில் அளத்தல்

ஒரு குடுவையில் (CH3)2CHOH, இன்னொன்றில் (CH3)2CDOH. மற்ற எல்லாம் ஒன்று. அற்ககோலின் செறிவு 0.2 M, குரோமியம்(VI) 0.0005 M, ஐதான பேர்குளோரிக் அமிலம் இரண்டிலும் ஒரே போத்தலிலிருந்து. சல்பேற்று குரோமியத்தோடு சேர்ந்துகொள்ளும் என்பதால் பேர்குளோரிக் அமிலமே பாதுகாப்பான தெரிவு. அற்ககோல் நானூறு மடங்கு மிகையாக இருப்பதால் அதன் செறிவு மாறாது, குரோமியத்தின் மறைவு சுத்தமான முதலாம் வரிசையாகத் தெரியும். குரோமியத்தை இவ்வளவு ஐதாக வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செறிவு கூடினால் HCrO4- இரண்டிரண்டாகச் சேர்ந்து இருகுரோமேற்று ஆகிவிடும், அப்போது நேர்கோடு வளையும்.

350 nm அருகில் உறிஞ்சலைத் தொடர்ந்து பார்த்து, அதன் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் சாய்விலிருந்து k_obs வரும். மடக்கைக் கோடு குறைந்தது மூன்று அரைவாழ்வுகளுக்கு நேராக ஓட வேண்டும். தொடக்கத்தில் நேராக இருந்து பிறகு வளைந்தால் அந்த ஓட்டத்தை நம்ப வேண்டாம்.

வெப்பநிலையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலான நூல்கள் 25 பாகையில் அளக்கச் சொல்லும். நம் ஊரில் அறையே பெரும்பாலும் 30 பாகையைச் சுற்றி இருக்கும், சித்திரை மத்தியானத்தில் அதற்கும் மேல். 25 ஐப் பிடித்துவைக்கக் குளிரூட்டும் சுற்றோட்டம் வேண்டும். சூடாக்க மட்டும் தெரிந்த சாதாரண நீர்த்தொட்டியால் அது முடியாது. ஆகவே 30 ஐயோ, அறை மிகவும் சூடென்றால் 35 ஐயோ தெரிவுசெய்து, கரைசல்கள், பிப்பெற்று, கியுவெற் எல்லாவற்றையும் அதே வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள். ஏவற் சக்தி மூலுக்கு 50 கிலோயூல் அளவென்றால் ஒரு பாகை வித்தியாசம் வீதத்தை 7 சதவீதம் மாற்றும். H ஓட்டத்தைக் காலையிலும் D ஓட்டத்தைப் பின்னேரமும் செய்தால் அந்த 7 சதவீதம் நேராக உங்கள் விகிதத்துக்குள் போய்விடும். ஒன்றன்பின் ஒன்றாக மாறிமாறிச் செய்யுங்கள்.

எஞ்சிய கரைசலைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். குரோமியம்(VI) புற்றுநோய் உண்டாக்குவது. யாழ் குடாநாட்டுக்குக் குடிநீர் சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் நிலத்தடி நீரிலிருந்துதான் வருகிறது. அந்தக் கல்லின் வெடிப்புகளூடாக மேலே ஊற்றுவது எளிதாகக் கீழே போகும். குரோமியம்(III) ஆகத் தாழ்த்தி, ஐதரொட்சைட்டாக வீழ்படிவாக்கி, திண்மக் கழிவாகச் சேர்த்துவையுங்கள்.

இப்போது கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. 30 பாகையில் சாதாரண அற்ககோலுக்கு k_obs = 3.90 × 10⁻³ s⁻¹ என்று வைப்போம். அரைவாழ்வு மூன்று நிமிடம். குறியிட்டதற்கு 0.69 × 10⁻³ s⁻¹, அரைவாழ்வு கிட்டத்தட்ட 17 நிமிடம். நேராகப் பிரித்தால் விகிதம் 5.65. ஆனால் என்.எம்.ஆர். நம் மாதிரியில் 2 சதவீதம் H எஞ்சியிருப்பதாகச் சொன்னது. அந்த 2 சதவீதம் வேகமாகத் தாக்கமுறுவதால் அளந்த வீதத்தில் அதன் பங்கு 2 சதவீதம் அல்ல, 11 சதவீதம்.

```
k_obs(D) = 0.02 k_H + 0.98 k_D
k_D = (0.69 - 0.02 × 3.90) / 0.98 = 0.62   (× 10^-3 s^-1)
k_H/k_D = 3.90 / 0.6245 = 6.2
```

ஒவ்வொரு வீத மாறிலியிலும் 3 சதவீத வழு இருந்தால் விகிதத்தில் 4 சதவீதம் வரும். H இன் அளவு 2 க்குப் பதில் 1.5 அல்லது 2.5 என்று இருந்திருந்தால் விகிதம் 6.1 இலிருந்து 6.4 வரை நகரும். இரண்டையும் சேர்த்து 6.2 ± 0.3 என்று எழுதலாம். 6.245 என்று எழுதினால் அந்தக் கடைசி இலக்கங்களுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

ஏன் ஒரே குடுவையில் போட்டுப் பார்க்கக் கூடாது

கட்டுரைகள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

H சேர்வையையும் D சேர்வையையும் ஒரே குடுவையில் சமமாகக் கலந்து, விளைபொருள்களில் எது எவ்வளவு என்று திணிவு நிறமாலையில் பார்ப்பது இலகு. வெப்பநிலை வித்தியாசம், அமிலச் செறிவு வித்தியாசம் எதுவும் வராது. எண்ணும் துல்லியமாக இருக்கும். ஆனால் அந்த எண் வேறொரு கேள்விக்கான விடை. தனிக் குடுவைகள் "மொத்தத் தாக்கம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது" என்று கேட்கின்றன. கலந்த குடுவை "H, D இரண்டில் எது முதலில் தெரிவாகிறது" என்று கேட்கிறது. தெரிவு நடக்கும் படியும் மெதுவான படியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஒட்சியேற்றி முதலில் தானாக மெதுவாகத் தயாராக வேண்டிய ஒரு தாக்கத்தை நினைத்துப் பாருங்கள். அந்தத் தயாரிப்பில் அற்ககோலுக்குப் பங்கு இல்லை. தயாரானதும் அது கண்ட அற்ககோலிலிருந்து உடனே ஐதரசனைப் பிடுங்குகிறது. தனிக் குடுவைகளில் H உம் D உம் ஒரே வேகம், ஏனென்றால் இரண்டிலும் தயாரிப்புக்காகத்தான் காத்திருக்கிறோம். கலந்த குடுவையிலோ, தயாரான ஒட்சியேற்றி H ஐயே கூடுதலாகத் தெரிவுசெய்யும். விகிதம் 6 என்று வரலாம். அந்த 6 ஐ வைத்து "C–H உடைவதே மெதுவான படி" என்று எழுதினால் முடிவு முழுவதும் பிழை.

ஒரே மூலக்கூறில் H உம் D உம் இருந்தால் இன்னும் தெளிவு. R–CHD–OH போன்ற முதல் அற்ககோலை எடுத்தால், எசுத்தர் உருவாவது மெதுவாகவும் மீளாமலும் இருந்தாலும்கூட, உருவான எசுத்தர் தன்னிடமுள்ள இரண்டில் H ஐத்தான் கூடுதலாக இழக்கும். விளைபொருளில் RCDO மிகும். இதிலும் வீதத்தைப் பற்றி எதுவும் தெரியவராது.

சிமன்ஸும் ஹார்ட்விக்கும் 2012 இல் தாண்டல் உலோகங்களால் நடக்கும் C–H தாக்கங்களைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த மூன்று சோதனைகளையும் அருகருகே வைத்து இதைத்தான் வற்புறுத்தியது. நீங்கள் மேற்கோள் காட்டும் எந்தச் சமதானி விளைவுக்கும் அது எந்த வகையில் அளக்கப்பட்டது என்று தேடிப் பாருங்கள். தனிக் குடுவைகளில் அளக்கப்படாவிட்டால், மெதுவான படி பற்றிய வசனத்துக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம்.

கலந்த குடுவை பயனற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. அதில் விகிதம் 1 என்றே வந்தால், C–H உடைவதற்கு முன்னால் மீளாத படியொன்று அற்ககோலைப் பிடித்துவிட்டது என்று தெரியும். அது பலமான செய்தி.

எண் குறைந்தால் என்ன, மறைந்தால் என்ன

"மெதுவான படி" என்பது ஆம் அல்லது இல்லை என்ற விடயமல்ல. எசுத்தருக்கு இரண்டு வழிகள் உண்டு. திரும்பி அற்ககோலாகலாம், அல்லது முன்னால் போய்க் கீற்றோனாகலாம். முன்னால் போகும் வேகத்தைத் திரும்பும் வேகத்தால் பிரித்து, C = k2/k-1 என்று வைப்போம் (H க்கு உரியது). எசுத்தருக்கு நிலையான நிலை எடுகோளைப் போட்டு, H க்கும் D க்கும் வீதத்தை எழுதிப் பிரித்தால் கிடைப்பது இது:

```
(k_H/k_D) அளந்தது = (KIE + C) / (1 + C)
KIE = இரண்டாம் படிக்கு மட்டும் உரிய விகிதம்
```

KIE ஐ 6.2 என்று வைத்துப் பார்ப்போம். C = 0.1, அதாவது எசுத்தர் பெரும்பாலும் திரும்பிப் போகிறது என்றால், அளந்தது 5.7. C = 1, இரண்டு வழியும் சமம் என்றால் 3.6. C = 10, எசுத்தர் உருவானதும் பெரும்பாலும் முன்னால்தான் போகிறது என்றால் 1.5. C இன்னும் பெரிதானால் 1 ஐ நெருங்கும். மூன்று நிலைமையிலும் C–H பிணைப்பு உடைகிறது, உடையும் விதமும் ஒன்றுதான். அளவிடப்படும் எண் மட்டும் இறங்குகிறது.

ஆகவே 3 என்று ஒரு எண் வந்தால் அதற்குக் குறைந்தது இரண்டு விளக்கங்கள் உண்டு. தாண்டல் நிலையில் ஐதரசன் நடுவில் இல்லாமல் இருக்கலாம், அல்லது இரண்டு படிகள் வேகத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. k-1 ஐ மாற்றும் ஒரு நிலைமையை, உதாரணமாக அமிலச் செறிவையோ கரைப்பானில் நீரின் அளவையோ, மாற்றிப் பார்த்து எண் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அசைந்தால் பகிர்வு என்று வாதிடலாம்.

C பெரிதாகும் நிலைமை கற்பனை அல்ல. 1962 இல் ரோசெக், வெஸ்ற்ஹைமர், எஷென்மோஸர் ஆகியோர் சகாக்களோடு வெளியிட்ட வேலையில், மிகவும் நெருக்கடியான ஒரு திரைதேர்ப்பீன் அற்ககோலை எடுத்தார்கள். அதன் OH தொகுதி அருகிலுள்ள மெதைல் தொகுதிகளுக்கு நடுவில் அகப்பட்டு நிற்கிறது. குரோமியம் அந்த ஒட்சிசனை அணுகுவது கடினம். ஆனால் எசுத்தர் ஒருமுறை உருவாகிவிட்டால், அந்த நெரிசலிலிருந்து விடுபடுவதற்காக அது விரைவாக உடைந்து தட்டையான கீற்றோனாகிறது. அதாவது k1 சிறிது, k2 பெரிது. அந்த அற்ககோலில் k_H/k_D ஏறத்தாழ 1 ஆகிவிட்டது.

இந்த இரண்டு அளவீடுகளையும் பக்கத்தில் வைத்தால் வாதம் எவ்வளவு பலப்படுகிறது என்று பாருங்கள். ஐசோபுரொப்பைல் அற்ககோலின் 6 மட்டும் இருந்தபோது, குரோமியம் எசுத்தர் எதுவுமில்லாமல் நேராக C–H ஐத் தாக்குகிறது என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். ஒரே படியில் நேராகத் தாக்குவதானால், நெருக்கடி எவ்வளவு இருந்தாலும் C–H உடைவது அந்த ஒரே படியில்தான் நடந்தாக வேண்டும், விளைவு முற்றாக மறைய வழியில்லை. மறைந்தது என்பதால், C–H உடைவதற்கு முன்னால் இன்னொரு படி இருக்கிறது என்பது உறுதியாகிறது. கட்டுரையில் இடம் குறைவென்றால் வேறெதையாவது வெட்டுங்கள், இந்த ஒப்பீட்டை வெட்டாதீர்கள்.

எண் சொல்லாத விடயங்கள்

விகிதம் 6 என்றால் C–H உடைகிறது என்பது சரி. ஐதரசன் எந்த உருவில் போகிறது? நீர் மூலமாக நின்று புரோத்தனை எடுக்கலாம். எசுத்தரின் சொந்த ஒட்சிசன் வளைந்து வந்து வளைய வடிவத் தாண்டல் நிலையில் எடுக்கலாம். ஐதரசன் இலத்திரன் சோடியோடு ஐதரைட்டாகக் குரோமியத்தின் பக்கம் போகலாம். மூன்றிலும் அதே பிணைப்பு மெதுவான படியில் உடைகிறது, மூன்றுமே 6 அருகில் எண் தரக்கூடியவை. வளைய நிலையில் C–H–O கோடு வளைந்திருப்பதால் எண் சற்றுக் குறையும் என்று எதிர்பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்குமளவுக்கு வேறுபாடு பெரிதல்ல. "சமதானி விளைவு E2 போன்ற பொறிமுறையை நிரூபிக்கிறது" என்று எழுதினால் பரிசோதகர் சிவப்புக் கோடு போடுவது நியாயம்.

மறுமுனையில், 1.1, 1.2 போன்ற எண்களை உடையும் பிணைப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். தியூற்றேரியம் உள்ள காபன் தாண்டல் நிலையில் நான்முகியிலிருந்து தட்டையாவதாலேயே, C–D உடையாமல், இந்தளவு வேறுபாடு வரலாம். இது இரண்டாம் நிலைச் சமதானி விளைவு. இப்படியான விளைவு ஒரு தியூற்றேரியத்துக்குப் பெரும்பாலும் 1.2 ஐ ஒட்டியே நிற்கும். ஆறு மெதைல் ஐதரசன்களையும் மாற்றிய சேர்வையை ஒப்பீட்டுக்கு வைத்தால், அங்கே வரும் சிறு எண் பிரதான விளைவு எந்தக் காபனிலிருந்து வருகிறது என்பதைத் தனியே பிரித்துக் காட்டும்.

இன்னுமொரு சிக்கல் இந்தத் தாக்கத்துக்கே உரியது. முதல் தாக்கத்தில் பிறக்கும் குரோமியம்(IV) சும்மா இருப்பதில்லை. அதிலிருந்தும், அதன்பின் தோன்றும் குரோமியம்(V) இலிருந்தும் மேலும் அற்ககோல் ஒட்சியேறுகிறது. அந்த இடைநிலைகளுக்கும் தங்களுக்கென ஒரு சமதானி விளைவு இருக்கும். குரோமியம்(VI) இன் மறைவைப் பின்தொடர்ந்தால் நாம் பார்ப்பது பெரும்பாலும் முதல் தாக்கத்தை. அசற்றோனின் அளவைப் பின்தொடர்ந்தால் எல்லாவற்றினதும் கலவையைப் பார்ப்போம். எதை அளந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

கட்டுரையில் எப்படி எழுதுவது

பந்தியைக் கட்டும் ஒழுங்கு இதுவரை வந்த ஒழுங்குதான்: சாத்தியங்கள், அவற்றின் எதிர்பார்ப்பு, அளந்த விதம், எண், எண்ணின் எல்லை. ஒரு மாதிரிப் பந்தி:

"வீதச் சமன்பாடு எசுத்தர் உருவாதல், எசுத்தர் உடைதல் ஆகிய இரண்டில் எது மெதுவானது என்பதைப் பிரித்துக் காட்டுவதில்லை. முதலாவது மெதுவானதாயின் இரண்டாம் காபனில் தியூற்றேரியம் இடுவது வீதத்தை மாற்றாது. இரண்டாவது மெதுவானதாயின், C–H நீட்சியின் பூச்சியப் புள்ளிச் சக்தி இழக்கப்படுவதால் 30 °C இல் ஏறத்தாழ 6 என்ற விகிதம் எதிர்பார்க்கப்படும். தனித்தனியாக அளந்த வீதங்களிலிருந்து, எஞ்சிய 2% ஐதரசனுக்குத் திருத்தியபின், k_H/k_D = 6.2 ± 0.3 பெறப்பட்டது. இது இரண்டாம் நிலை விளைவுகளால் விளக்க முடியாதளவு பெரிது. ஆகவே இந்த நிலைமைகளில் C–H பிணைப்பு வீதத்தை நிர்ணயிக்கும் படியில் உடைகிறது. ஐதரசன் புரோத்தனாகப் போகிறதா ஐதரைட்டாகப் போகிறதா என்பதை இந்த அளவீடு தீர்மானிக்காது."

"இந்த நிலைமைகளில்" என்ற சொற்கள் அலங்காரத்துக்கு இல்லை. நெருக்கடியான அற்ககோலில் அதே ஒட்சியேற்றி, அதே ஒட்சியேற்றம், ஆனால் மெதுவான படி வேறு. அந்தப் பந்தியை அடுத்து இப்படித் தொடரலாம்: "நெருக்கடியான அற்ககோலில் இவ்விகிதம் ஏறத்தாழ 1 ஆவது, C–H உடைவதற்கு முன் ஒரு தனிப் படி இருப்பதைக் காட்டுகிறது. எசுத்தர் உருவாதல் அப்படிக்குப் பொருத்தமானது." இரண்டாம் வசனத்தில் "பொருத்தமானது" என்றே நிறுத்துங்கள். முன்னால் ஒரு படி இருக்கிறது என்பதைச் சமதானி விளைவு காட்டியது. அந்தப் படி எசுத்தர்தான் என்பதற்கு, 1951 இல் வெஸ்ற்ஹைமர் குழுவினர் ஐசோபுரொப்பைல் குரோமேற்றைப் பற்றி வெளியிட்ட வேலையைத் தனிச் சான்றாக வைக்க வேண்டும்.